புது ரவுட்டர் வந்தாச்சா? பெயரையும் பாஸ்வேர்டையும் நீங்களே வையுங்கள்

வீட்டுக்கு ஃபைபர் இணைப்பு கொடுக்க வரும் ஊழியர் ரவுட்டரைச் சுவரில் மாட்டுவார், விளக்குகள் எரிகிறதா என்று பார்ப்பார். பிறகு, "உங்க மொபைல் நம்பரையே பாஸ்வேர்டா வெச்சுட்டேன், மறக்காது" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவார். மறக்காது என்பது உண்மைதான். ஆனால் அந்த எண் பால்காரருக்குத் தெரியும், எதிர்வீட்டுக்காரருக்குத் தெரியும், கூரியர் கொண்டுவருபவருக்கும் தெரியும். உங்கள் இணைப்பை வைத்து யாராவது தவறான காரியம் செய்தால், விசாரணை முதலில் வருவது இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவரிடம்தான். எனவே ஊழியர் கிளம்பிய அன்றே அரை மணி நேரம் ஒதுக்கி, பெயரையும் பாஸ்வேர்டையும் நீங்களே மாற்றிவிடுங்கள்.

முதலில் பெயர்

வைஃபை பெயர் என்பது தெருவில் நடந்து போகிறவரின் போனிலும் தெரியும். "Kathir_2B" என்று வைத்தால் உங்கள் பெயரும் கதவு எண்ணும் ஊருக்கே தெரிந்துவிடும். நிறுவனம் வைத்த பெயரை அப்படியே விட்டால், எந்த நிறுவனத்தின் ரவுட்டர் என்பதும் தெரிந்துவிடும். வீட்டில் உள்ளவர்களுக்கு அடையாளம் தெரிந்தால் போதும், வெளியாட்களுக்கு எதுவும் சொல்லக்கூடாது. "Vaazhaippoo" மாதிரி ஒரு பெயர் போதும்.

தமிழ் எழுத்திலேயே வைக்கலாமா? வைக்கலாம், ஆனால் இடம் குறைவு. பெயருக்கு மொத்தம் 32 இடம்தான். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு இடம் போதும். தமிழில் எழுத்து, துணைக்கால், புள்ளி என ஒவ்வொன்றும் 3 இடம் எடுக்கும். "வாழைப்பூ" என்ற சின்னப் பெயருக்கே 24 இடம் போய்விடும். சில பழைய டிவிகளில் தமிழ் எழுத்து கட்டம் கட்டமாகத் தெரியலாம். அதனால் ஆங்கில எழுத்தில் வைப்பது சிக்கலில்லாதது.

பாஸ்வேர்டு எப்படி இருக்க வேண்டும்?

"யாராவது வாசலில் நின்று ஒவ்வொரு எண்ணாகவா போட்டுப் பார்க்கப் போகிறார்?" என்று கேட்கலாம். அப்படிச் செய்ய வேண்டியதில்லை. உங்கள் போன் ரவுட்டரோடு இணையும்போது இரண்டும் பேசிக்கொள்வதை ஒருவர் காற்றிலேயே பதிவு செய்துகொண்டு போகலாம். பிறகு தன் வீட்டுக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, பாஸ்வேர்டை ஊகித்துப் பார்க்கலாம். ரவுட்டருக்கு அது தெரியவே தெரியாது. 6, 7, 8, 9-இல் தொடங்கும் பத்து இலக்க எண்கள் மொத்தம் 400 கோடி. கேட்கப் பெரிதாக இருந்தாலும், நல்ல கிராஃபிக்ஸ் கார்டு உள்ள கம்ப்யூட்டருக்கு அது சில மணி நேர வேலைதான்.

இதற்கு எளிய வழி, ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத நான்கு சொற்கள். மனதில் தோன்றியதை எடுக்காதீர்கள். ஒரு புத்தகத்தைக் கண்ணை மூடித் திறந்து, விரல் பட்ட சொல்லை எடுங்கள். இப்படி நான்கு முறை எடுத்து இடையில் சின்னக் கோடு போட்டால் இப்படி வரும்:

```
oosi-thavalai-maadi-vengayam
```

2,000 சாதாரணச் சொற்களில் இருந்து எடுத்தால்கூட, நான்கு சொற்களைச் சேர்க்கும் விதங்கள் அந்த 400 கோடியைப் போல 4,000 மடங்கு. மணிக்கணக்கு வேலை மாதக்கணக்கு வேலையாகிவிடும். ஐந்தாவது சொல் ஒன்று சேர்த்தால் இன்னும் 2,000 மடங்கு. (இங்கே அச்சிட்டிருப்பதை அப்படியே வைக்காதீர்கள், இதைப் படித்த எல்லோருக்கும் தெரியும்!)

தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் எழுதும்போது ஒரு சிக்கல் வரும். நீங்கள் vengayam என்று வைத்திருப்பீர்கள், வீட்டில் இன்னொருவர் vengaayam என்று அடிப்பார், இணையாது. அதனால் எழுத்துக்கூட்டலை முடிவு செய்து ஒரு தாளில் எழுதி, எல்லாம் சின்ன எழுத்துதான் என்றும் குறித்து வையுங்கள். பாஸ்வேர்டுக்குக் குறைந்தது 8 எழுத்து வேண்டும், அதிகம் 63. மேலே உள்ளது 28.

இப்போது மாற்றுவோம்

ரவுட்டரின் அடியிலோ பின்புறமோ ஒரு ஸ்டிக்கர் இருக்கும். முதலில் அதைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வைஃபையில் இணைந்து, மொபைல் டேட்டாவை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் போன் சில சமயம் மொபைல் டேட்டா வழியாகத் தேடிவிட்டு, பக்கம் திறக்கவில்லை என்று சொல்லும். பிரவுசரில் ஸ்டிக்கரில் உள்ள முகவரியை அடியுங்கள். பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1 ஆக இருக்கும்.

உள்ளே நுழையக் கேட்கும் பாஸ்வேர்டு வேறு, வைஃபை பாஸ்வேர்டு வேறு. இது ரவுட்டரையே ஆளும் சாவி. முதலில் இதை மாற்றுங்கள். வைஃபைக்கு வைக்கப் போவதையே இதற்கும் வைக்காதீர்கள். சில நிறுவனங்கள் இந்தப் பக்கத்தைப் பூட்டி வைத்திருக்கும். அப்போது அவர்களுடைய ஆப்பில் வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் மாற்றும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஊழியரை அழைத்து, பாஸ்வேர்டு அடிக்கும் இடத்தில் மட்டும் நீங்களே அடியுங்கள்.

அடுத்து WLAN அல்லது Wireless என்ற பகுதிக்குப் போங்கள். பல ரவுட்டர்களில் 2.4GHz, 5GHz என்று இரண்டு வைஃபை இருக்கும். நிறைய பேர் ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு மற்றதை மறந்துவிடுகிறார்கள். பழைய பாஸ்வேர்டு அதில் அப்படியே உயிரோடு இருக்கும். நீங்கள் இணைந்திராததை முதலில் மாற்றுங்கள், இணைந்திருப்பதைக் கடைசியில் மாற்றுங்கள். SSID என்ற இடத்தில் பெயர், Passphrase அல்லது Pre-Shared Key என்ற இடத்தில் பாஸ்வேர்டு. பாதுகாப்பு வகையில் WPA2 அல்லது WPA2/WPA3 இருக்கட்டும். WPA3 மட்டும் என்று வைத்தால் பழைய போன்கள் இணையாமல் போகலாம்.

Save அல்லது Apply அழுத்தியதும் வைஃபை துண்டிக்கப்படும். பயப்படாதீங்க, ரவுட்டர் கெட்டுப்போகவில்லை. பழைய பாஸ்வேர்டு செல்லாமல் போனதுதான் காரணம். புதுப் பெயரைத் தேடி இணையுங்கள். பெயரை மாற்றாமல் பாஸ்வேர்டை மட்டும் மாற்றியிருந்தால், போனில் அந்த வைஃபையை Forget கொடுத்துவிட்டு மறுபடி இணைக்க வேண்டும். "பாஸ்வேர்டு தவறு" என்றே வந்தால் முதல் எழுத்தைப் பாருங்கள்: போன் கீபோர்டு தானாகவே பெரிய எழுத்தாக்கியிருக்கலாம். பிரின்டர், ஸ்மார்ட் பல்பு போன்றவை பல 2.4GHz-இல் மட்டும்தான் இணையும்.

இரண்டைத் தொடாதீர்கள்

WAN என்ற பகுதியில் உள்ள எதையும் மாற்ற வேண்டாம். நிறுவனத்தோடு இணைக்கும் விவரங்கள் அங்கேதான் இருக்கின்றன. ஊசியால் குத்தும் Reset துளையையும் தொடாதீர்கள். அந்த விவரங்களும் அழிந்துபோனால் ஊழியர் மறுபடி வரும் வரை நெட் கிடையாது. LOS என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் ஃபைபர் கேபிளில் ஒளி வரவில்லை என்று அர்த்தம். அதற்கும் நீங்கள் மாற்றிய பாஸ்வேர்டுக்கும் சம்பந்தமில்லை. நிறுவனத்துக்குப் புகார் கொடுங்கள்.

எல்லாவற்றையும் இணைத்து முடித்ததும் ரவுட்டர் பக்கத்தில் இணைந்துள்ள கருவிகளின் பட்டியலைத் திறந்து எண்ணிப் பாருங்கள். வீட்டில் மூன்று போன், ஒரு டிவி என்றால் நான்குதான் இருக்க வேண்டும். ஐந்தாவதாக ஒன்று இருந்தால், உங்கள் வீட்டில் மறந்துபோன கருவி எது என்று தேடுங்கள். எதுவும் இல்லையென்றால் இரண்டு வைஃபையிலும் பாஸ்வேர்டு மாறியிருக்கிறதா என்று மறுபடி பாருங்கள். அனேகமாக ஒன்று மாறாமல் இருக்கும்.