மூன்று பதிவுகள், எத்தனை குற்றங்கள்?

கேள்வி: எங்கள் நகர் குடியிருப்போர் நலச் சங்கத்தின் செயலாளராக இருக்கிறேன். நான் இஸ்லாமியன். சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் 140 பேர் இருக்கிறார்கள். பொதுக் கிணற்று மோட்டாரை 62,000 ரூபாய்க்கு மாற்றினோம். அதிலிருந்து ஓர் உறுப்பினர் என்னை விடாமல் திட்டிவருகிறார். முதலில், "நீயெல்லாம் ஒரு செயலாளரா? தண்டச்சோறு, வெட்கங்கெட்ட ஜென்மம்" என்று எழுதினார். மறுநாள், "மோட்டார் பில்லில் 20 ஆயிரம் கமிஷன் அடிச்சிட்டான்" என்றார். போன வாரம் எங்கள் பகுதியில் ஊர்வலத்தில் தகராறு நடந்த இரவு, "இவன் ஆளுங்களுக்கு இனி யாரும் வாடகைக்கு வீடு விடாதீங்க. ஒண்ணு சேர்ந்தாத்தான் இவனுங்களைத் தெருவை விட்டு விரட்ட முடியும்" என்று போட்டார். மூன்றுக்கும் சேர்த்து அவதூறு வழக்குப் போட முடியுமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: சேர்த்துப் போடாதீர்கள். மூன்றும் ஒரே ஆள், ஒரே குழுவில், ஒரே கோபத்தில் எழுதியவைதான். ஆனால் சட்டத்தில் மூன்றுக்கும் வெவ்வேறு கதி. உங்களை அதிகம் சுட்டிருக்கக்கூடிய முதல் பதிவுதான் வழக்கு என்று வந்தால் மிகவும் பலவீனமானது.

"தண்டச்சோறு, வெட்கங்கெட்ட ஜென்மம்" என்பது வசவு. அதைப் படித்தவர் உங்களைப் பற்றிப் புதிதாக எதையும் தெரிந்துகொள்ளவில்லை. எழுதியவருக்கு உங்கள் மேல் கோபம் என்று மட்டும் தெரிந்துகொண்டார். அவதூறு என்றால் உங்கள் நடத்தையைப் பற்றி ஒரு குற்றச்சாட்டு இருக்க வேண்டும், அது பிறர் பார்வையில் உங்கள் மதிப்பைக் குறைப்பதாக இருக்க வேண்டும். வெறும் திட்டு அதற்குப் போதாது. நம்மூர் சண்டை வழக்குகளில் எஃப்.ஐ.ஆர். என்றாலே ஆபாசமாகத் திட்டிய பிரிவும் மிரட்டல் பிரிவும் அச்சடித்ததுபோல வந்து உட்காரும். முன்பு 294(பி), 506. இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 296(பி), 351. தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2022-ல் தெளிவாகச் சொல்லிவிட்டது: காம உணர்வைத் தூண்டும் தன்மை இல்லாத வசைச் சொல் ஆபாசப் பிரிவுக்குள் வராது. 352-ஆவது பிரிவு ஒன்று இருக்கிறது. ஆனால் உங்களைச் சீண்டி அமைதியைக் குலைக்கச் செய்யும் எண்ணமாவது, அப்படி நடக்கக்கூடும் என்ற தெளிவாவது அவருக்கு இருந்ததென்று அதில் காட்ட வேண்டும். முதல் பதிவை விட்டுவிடுங்கள் என்பதே என் யோசனை.

இரண்டாவது பதிவு அப்படியல்ல. அதில் ஒரு தொகை இருக்கிறது, ஒரு பில் இருக்கிறது, நீங்கள் செய்ததாக ஒரு காரியம் இருக்கிறது. படிக்கும் 139 பேரில் சிலராவது நம்பக்கூடிய செய்தி அது. 356-ஆவது பிரிவின்படி இது அவதூறு ஆகலாம். இரண்டு ஆண்டு வரை வெறுங்காவல், அபராதம், அல்லது சமூக சேவை தண்டனையாகக் கிடைக்கும். இதையே உங்களுக்கு மட்டும் தனிச் செய்தியாக அனுப்பியிருந்தால் அவதூறே இல்லை. மூன்றாவது ஆள் ஒருவரிடம் அது போய்ச் சேர வேண்டும்.

அவர் வக்கீல் என்ன சொல்வார் என்பதையும் இப்போதே யோசித்துக்கொள்ளுங்கள். உண்மையைத்தான் சொன்னேன் என்பது மட்டும் குற்ற வழக்கில் போதாது. அதைச் சொன்னது பொது நன்மைக்காக என்றும் அவர் நிரூபிக்க வேண்டும். உண்மை என்று நிரூபிக்க முடியாவிட்டால் நல்லெண்ணத்தில் சொன்னேன் என்பார். சங்க உறுப்பினர் சங்கப் பணத்தைப் பற்றிக் கேட்பதில் நியாயம் உண்டுதானே? சட்டத்தில் நல்லெண்ணம் என்றால் தக்க கவனத்தோடு செய்தது என்று பொருள். எனவே நீதிமன்றம் இதைத்தான் பார்க்கும்: எழுதும் முன் பில்லைக் கேட்டாரா, வேறு கடையில் விலை விசாரித்தாரா? பொதுக்குழுவில் "கணக்கைக் காட்டுங்கள்" என்றிருந்தால் அது கேள்வி. மாவட்டப் பதிவாளரிடம் புகார் எழுதியிருந்தாலும் நல்லெண்ணம் இருந்தால் சட்டமே விலக்குத் தருகிறது. இவரோ எதையும் பார்க்காமல், "அடிச்சிட்டான்" என்று முடிவாக எழுதிவிட்டார். ஆனால் நீங்கள் இரண்டு தடவை பில் கேட்டும் தராமல் இழுத்தடித்திருந்தால் கதை மாறும். அதை வழக்குக்கு முன்பே உங்கள் வக்கீலிடம் ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள்.

மூன்றாவது பதிவில் உங்கள் பெயரே இல்லை, கெட்ட வார்த்தையும் இல்லை. ஆனால் ஆபத்தானது அதுதான். பெரிய சமூகத்தை மொத்தமாகச் சொன்னால் அவதூறு நிற்பது கடினம். யார் என்று திட்டவட்டமாக அடையாளம் காணக்கூடிய கூட்டமாக இருக்க வேண்டும். குஷ்பு மீது போடப்பட்ட 23 வழக்குகளை 2010-ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தபோது இதுவும் ஒரு காரணம். உங்களுக்கு இங்கே பொருந்துவது 196-ஆவது பிரிவு: மதம், சாதி, மொழி போன்றவற்றின் பேரில் இரு பிரிவினரிடையே பகைமூட்டுவது. மூன்று ஆண்டு வரை சிறை. ஜாமீனில் வர முடியாத குற்றம். ஒரு மதத்தாருக்கு எதிராக மற்றவர்களை "ஒண்ணு சேருங்க" என்று அழைப்பதால் இரு தரப்பும் அந்த வாக்கியத்திலேயே வந்துவிடுகின்றன.

இங்கே நீதிமன்றம் சொல்லை மட்டும் எடைபோடாது. யார் சொன்னார், எந்தச் சூழலில், யாரிடம், என்ன நோக்கில் என்று பார்க்க வேண்டும் என அமிஷ் தேவ்கன் வழக்கில் 2020-ல் உச்ச நீதிமன்றம் விரிவாக எழுதியிருக்கிறது. தொட்டாற்சிணுங்கியின் மனதைக் கொண்டு அளக்கக் கூடாது, உறுதியான மனம் உள்ள சாதாரண மனிதர் எப்படி எடுத்துக்கொள்வார் என்பதே அளவுகோல் என்று நாக்பூர் உயர் நீதிமன்றம் 1946-ல் சொன்னது. ஒரு கவிதைக்காக எம்.பி. இம்ரான் பிரதாப்கடி மீது போட்ட வழக்கை 2025-ல் ரத்து செய்தபோதும் உச்ச நீதிமன்றம் அதையே பிடித்துக்கொண்டது. அந்த அளவுகோலை வைத்தும் உங்கள் வழக்கு தாங்கும் என்று நினைக்கிறேன். தகராறு நடந்த அதே இரவு, அதே தெருக்களில் வீடு வைத்திருப்பவர்களிடம், இன்னதைச் செய்யுங்கள் என்று சொல்லியிருக்கிறார். ஆறு மாதம் முன்பு டீக்கடையில் இரண்டு பேரிடம் அலுத்துக்கொண்டிருந்தால் இவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

உங்கள் விஷயம் மதம் பற்றியது. இதுவே பட்டியல் சாதியைச் சேர்ந்த ஒருவரைச் சாதிப் பெயர் சொல்லித் திட்டியதாக இருந்தால் 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வரும். அதிலும் பொதுமக்கள் பார்வையில் நடந்ததா என்பது முக்கியம். திருச்சி மாவட்டத்தில் வருவாய்த் துறை அலுவலக அறைக்குள் ஊழியர் ஒருவரைச் சாதி சொல்லித் திட்டியதாக வந்த வழக்கை, திட்டிய நேரத்தில் வெளியார் யாரும் அங்கே இல்லை என்பதால் உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் ரத்து செய்தது. கேட்கக் கசப்பாகத்தான் இருக்கும்.

இனி செய்ய வேண்டியது. மூன்றாவது பதிவுக்கு மட்டும் காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். எஃப்.ஐ.ஆர். போடும் முன் டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாள் முதற்கட்ட விசாரணை நடக்கலாம். அலைக்கழிக்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம், சட்டத்தில் இடமுண்டு. இரண்டாவதற்குப் போலீசிடம் போய்ப் பயனில்லை. வக்கீல் நோட்டீஸ் அனுப்பி, மன்னிப்பு வரவில்லையென்றால் மாஜிஸ்திரேட்டிடம் நீங்களே தனிப் புகார் தாக்கல் செய்ய வேண்டும். வழக்கைக் கோப்பில் எடுக்கும் முன் அவர் தரப்பையும் நீதிமன்றம் கேட்கும். ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் நம்பாதீர்கள். உரையாடலை முழுதாக எடுத்து வையுங்கள், போனை மாற்றாதீர்கள், மின்னணுச் சான்றுக்கான 63(4) சான்றிதழை வக்கீல் தயார் செய்வார். குழுவில் அதைப் படித்த இருவரையாவது சாட்சிக்குக் கேட்டு வையுங்கள். குற்றப் புகாருக்கு மூன்று ஆண்டு அவகாசம் உண்டு. நஷ்டஈடு கேட்டு சிவில் வழக்குப் போடுவதானால் ஓராண்டுதான். அதுவரை குழுவில் பதிலுக்கு "திருட்டுப் பயலே" என்று எதையும் எழுதிவிடாதீர்கள். அவர் வக்கீல் முதலில் தேடுவது அதைத்தான்.