ஆல்ட்காயினில் ஸ்டாப் லாஸ்: பள்ளத்துக்குக் கீழேயா, ஏடிஆர் கணக்கிலா?

"என் ஸ்டாப் லாஸை அடித்துவிட்டு, சரியாக அங்கிருந்தே மேலே போய்விட்டது." ஆல்ட்காயின் வாங்கி விற்பவர்கள் நாலு பேர் கூடினால் இந்தப் புலம்பல் கேட்காமல் இருக்காது. ஸ்டாப்பை எங்கே வைப்பது என்பதில் இரண்டு கட்சி உண்டு. சார்ட்டில் தெரியும் கடைசிப் பள்ளத்துக்குக் கீழே வை என்பது ஒரு கட்சி. ஏடிஆரை இரண்டாலோ மூன்றாலோ பெருக்கி, வாங்கிய விலையிலிருந்து கழித்துவிடு என்பது இன்னொன்று. ஸ்பாட்டில் காயின் வாங்குபவர்கள் இரண்டையும் எந்த வரிசையில் பயன்படுத்தினால் நல்லது என்று கீழே ஒரே உதாரணத்தை வைத்துப் பார்ப்போம். சார்ட் 4 மணி நேர சார்ட்.

1. முதலில் பள்ளத்தைக் குறித்துவிடுங்கள். எல்லாப் பள்ளமும் கணக்கில் வராது. ஒரு காயின் 80 ரூபாயிலிருந்து 118 வரை ஏறியது, 96க்கு இறங்கியது, அங்கிருந்து கிளம்பி 118ஐத் தாண்டி 121ஐத் தொட்டது, இப்போது 108ல் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். பழைய உச்சத்தை உடைத்த ஏற்றம் 96ல்தான் தொடங்கியது. ஆகவே நமக்கு வேண்டிய ஸ்விங் லோ 96. நடுவில் 104, 106 என்று வந்த சின்னச் சின்ன இறக்கங்களை விட்டுவிடலாம். ஒரு கேண்டில் 96க்குக் கீழே போய் முடிந்தால், ஏறுமுகம் என்று நம்பி வாங்கிய காரணமே போய்விட்டது என்று அர்த்தம். கேண்டிலின் வால் மட்டும் கீழே போய்த் திரும்பினால் அப்படி இல்லை. இந்த வித்தியாசத்தில்தான் பாதிப் பேரின் பணம் போகிறது.

2. ஏடிஆர் எதை அளக்கிறது என்று தெரிந்து பயன்படுத்துங்கள். வெல்ஸ் வைல்டர் 1978ல் தன் புத்தகத்தில் தந்த கணக்கு இது. கமாடிட்டி சந்தை இரவில் மூடி, மறுநாள் வேறு விலையில் திறக்கும். அந்த இடைவெளியும் கணக்கில் வரட்டும் என்றுதான் முந்தைய கேண்டில் முடிந்த விலையையும் அவர் சேர்த்தார். கிரிப்டோ சந்தை மூடுவதே இல்லை. அதனால் நம் சார்ட்டில் ஏடிஆர் என்பது பெரும்பாலும் ஒரு கேண்டிலின் உச்சத்துக்கும் அடிக்கும் உள்ள தூரத்தின் சராசரிதான். வழக்கமான நீளம் 14 கேண்டில்.

நம் காயினின் ஏடிஆர் 5 ரூபாய் என்று கொள்வோம். 108ல் வாங்கி இரண்டு மடங்கு ஏடிஆர் கழித்தால் ஸ்டாப் 98. பள்ளம் இருப்பதோ 96ல். விலை 97 வரை வந்து திரும்பினால் ஏறுமுகம் அப்படியே இருக்கும், நீங்கள் மட்டும் வெளியே நிற்பீர்கள். சரி, மூன்று மடங்கு என்றால்? 93 வருகிறது, நல்ல இடம்தான். ஆனால் இதே காயினை 112ல் வாங்கியவருக்கு மூன்று மடங்கு கழித்தால் 97. மறுபடியும் பள்ளத்துக்கு மேலே. ஏடிஆர் மடங்கு நீங்கள் வாங்கிய விலையைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறது. நீங்கள் எந்த விலையில் வாங்கினீர்கள் என்பது சந்தைக்குத் தெரியாது. தனியாக ஏடிஆரை மட்டும் நம்புவதில் உள்ள பெரிய கோளாறு இதுதான்.

3. அதற்காக 95.90ல் ஸ்டாப் வைத்துவிடாதீர்கள். பள்ளத்தை எல்லோரும் பார்க்கிறார்கள். அதற்கு ஒட்டினாற்போல் கீழேதான் விற்பனை ஆர்டர்கள் குவிந்து கிடக்கும். ஆல்ட்காயினின் ஆர்டர் புக் மெல்லியது. விலை 96ஐத் தொட்டதும் அந்த ஆர்டர்கள் ஒன்றை ஒன்று தூண்டி, விலையை ஒன்றிரண்டு ரூபாய் கீழே இழுத்துவிடும். குறைந்த விலைக்கு வாங்கக் காத்திருப்பவர்கள் அள்ளிக்கொண்டதும் விலை மேலே வந்துவிடும். சார்ட்டில் நீண்ட வால் ஒன்று மிஞ்சும். ஏடிஆருக்கு வேலை இங்கேதான். பள்ளத்துக்குக் கீழே எவ்வளவு இடம் விடுவது என்பதை அதைக் கொண்டு அளந்துகொள்ளுங்கள். அரை ஏடிஆர் விட்டால் 96லிருந்து 2.50 கழித்து, ஸ்டாப் 93.50.

4. அரை ஏடிஆர் என்பதை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒவ்வொரு காயினுக்கும் ஒரு குணம் உண்டு, அதை அளந்துவிடலாம். அரைமணி நேரம் ஒதுக்கி சார்ட்டைப் பின்னால் நகர்த்துங்கள். வால் மட்டும் கீழே போய்த் திரும்பிய பழைய பள்ளங்களில் ஒரு பத்தைத் தேடுங்கள். ஒவ்வொன்றிலும் பள்ளத்துக்குக் கீழே எத்தனை ரூபாய் போனது, அப்போது ஏடிஆர் எவ்வளவு என்று எழுதி, முதலாவதை இரண்டாவதால் வகுங்கள். 3 ரூபாய் போனபோது ஏடிஆர் 6 என்றால் 0.5. 2.40 போனபோது ஏடிஆர் 4 என்றால் 0.6. பெரும்பாலானவை 0.6க்குள் அடங்கினால், அந்தக் காயினுக்கு 0.7 விடலாம். ரூபாயில் அளக்காமல் ஏடிஆரில் அளப்பதால், விலை இரண்டு மடங்கு ஆன பிறகும் இந்த எண் உதவும். எண்கள் 0.3, 1.8, 2.5 என்று கண்டபடி வந்தால் அந்த டைம்ஃப்ரேமில் அந்தக் காயினின் பள்ளங்களுக்கு மதிப்பில்லை. தினசரி சார்ட்டுக்குப் போங்கள், அல்லது அந்தக் காயினை விட்டுவிடுங்கள்.

5. ஏடிஆர் ஏமாற்றும் நேரம் இரண்டு. ஒன்று, பெரிய கேண்டில் வந்த உடனே. ஏடிஆர் 5 இருக்கும்போது 20 ரூபாய் நீளத்துக்கு ஒரு கேண்டில் வந்தால், வைல்டர் கணக்குப்படி (5 × 13 + 20) ÷ 14, அதாவது 6.07தான் வரும். சந்தை வெறிபிடித்து ஆடும்போது மானி மெதுவாக ஏறுகிறது. பிறகு இறங்குவதும் மெதுவாகத்தான். கூடியதில் பாதி கரையவே ஒன்பது கேண்டிலுக்கு மேல் ஆகும். 4 மணி நேர சார்ட்டில் ஒன்றரை நாள்.

இன்னொரு நேரம் இதைவிட ஆபத்தானது. காயின் பல நாள் ஒரே இடத்தில் படுத்திருக்கும். ஏடிஆர் 5லிருந்து 2க்கு வற்றிவிடும். ஒருவர் இரண்டு மடங்கு கழித்து 4 ரூபாய் தூரத்தில் ஸ்டாப் வைப்பார். ஆல்ட்காயின் அடுத்த ஓட்டத்தை அப்படிப் படுத்த நிலையிலிருந்துதான் பல தடவை தொடங்குகிறது, அதன் முதல் உலுக்கலிலேயே 4 ரூபாய் போய்விடும். இதற்கு எளிய வழி, ஏடிஆரின் நீளத்தை 50 ஆக மாற்றி இன்னொரு தடவை பாருங்கள். 14க்கும் 50க்கும் வரும் எண்ணில் எது பெரியதோ அதை வைத்துப் பள்ளத்துக்குக் கீழே இடம் விடுங்கள்.

6. ஸ்டாப் தூரமாகப் போனால் நஷ்டம் கூடக்கூடாது, காயின் எண்ணிக்கைதான் குறைய வேண்டும். கையில் 1 லட்சம், ஒரு டிரேடில் 1,000 ரூபாய்க்கு மேல் போகக்கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். 98ல் ஸ்டாப் என்றால் தூரம் 10 ரூபாய், 100 காயின் வாங்கலாம். 93.50ல் ஸ்டாப் என்றால் தூரம் 14.50, 68 காயின்தான். இரண்டிலும் போவது ஏறக்குறைய அதே 1,000தான். பலர் செய்வது தலைகீழ்: 100 காயின் வாங்க வேண்டும் என்று முதலில் முடிவு செய்துவிட்டு, நஷ்டம் 1,000 வருகிற இடத்தில் ஸ்டாப்பை நடுவார்கள். அந்த இடத்துக்கும் சார்ட்டுக்கும் ஒரு சம்பந்தமும் இருக்காது.

தூரத்தை ஏடிஆரிலும் ஒருமுறை அளந்து பாருங்கள். 14.50ஐ 5ஆல் வகுத்தால் 2.9. இது சரியான அளவு. நாலைத் தாண்டினால் ஏற்கெனவே ஓடிவிட்ட விலையைத் துரத்துகிறீர்கள், இறங்கும் வரை காத்திருங்கள். ஒன்றுக்கும் கீழே என்றால் நீங்கள் பிடித்தது பள்ளமே இல்லை. மேலே என்ன இருக்கிறது என்பதும் முக்கியம். அடுத்த ரெசிஸ்டன்ஸ் 140ல் இருந்தால் லாபத்துக்கு 32 ரூபாய் இடம், அது நஷ்டத்தைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல். பழைய உச்சமான 121லேயே தட்டும் என்று தோன்றினால் 13 ரூபாய்க்காக 14.50ஐப் பணயம் வைக்கிறீர்கள். ஸ்டாப்பைச் சுருக்கி அந்தக் கணக்கை அழகாக்காதீர்கள், டிரேடை விடுங்கள்.

7. ஆர்டர் வகையைக் கவனியுங்கள். ஸ்டாப் லிமிட்டில் விலை உங்கள் லிமிட்டைத் தாண்டிக் குதித்துவிட்டால் விற்காமலே நிற்கும். ஸ்டாப் மார்க்கெட்டில் விற்றுவிடும், ஆனால் கிடைக்கிற விலைக்கு. 93.50க்குப் பதில் 92ல் விற்றால் 68 காயினுக்கு நஷ்டம் 1,088. அமெரிக்க இறக்குமதி வரி அறிவிப்பையொட்டி 2025 அக்டோபர் 10 அன்று, இந்திய நேரப்படி நள்ளிரவு தாண்டி 11ஆம் தேதி அதிகாலையில், பல ஆல்ட்காயின்கள் சில நிமிடங்களில் பாதிக்கும் மேல் சரிந்தன. அந்த மாதிரி இரவில் பள்ளமும் காப்பாற்றாது, ஏடிஆரும் காப்பாற்றாது. ஒரே காயினில் எவ்வளவு பணம் போட்டிருக்கிறீர்கள் என்பதுதான் கணக்கு.

8. ஏறத் தொடங்கியபின் ஸ்டாப்பை மேலே மட்டும் நகர்த்துங்கள். முந்தைய உச்சம் உடைந்த பிறகு, அதற்குக் காரணமான புதிய பள்ளத்துக்குக் கீழே, அதே 0.5 அல்லது 0.7 ஏடிஆர் இடம் விட்டு வையுங்கள். சில காயின்கள் இறங்காமலே செங்குத்தாக ஏறும். 108ல் வாங்கியது 160ல் நிற்கும், கடைசிப் பள்ளமோ 115லேயே இருக்கும். ஏடிஆர் மடங்கு தனியாக நின்று ஜெயிப்பது இந்த ஒரு இடத்தில்தான். 22 கேண்டிலில் தொட்ட உச்சத்திலிருந்து மூன்று மடங்கு ஏடிஆர் கழிக்கும் ஷாண்டலியர் எக்ஸிட் இதற்காகவே உள்ளது; டிரேடிங்வியூவில் தேடினால் கிடைக்கும். அந்தக் கோடு தொடங்குவது சந்தை தொட்ட உச்சத்திலிருந்து, உங்கள் விலையிலிருந்து அல்ல.

9. இந்தியாவில் இருப்பவர்கள் வரியையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். 2022 ஏப்ரல் முதல் கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வரி. ஒரு காயினில் வந்த நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்க முடியாது. இரண்டு டிரேடில் ஆயிரம் ஆயிரமாக 2,000 போய், மூன்றாவதில் 2,200 வந்தால் கையில் 200 மிச்சம் என்று தோன்றும். ஆனால் 2,200க்கு வரி 660, அதற்கு மேல் செஸ். ஆக 460 ரூபாய்க்கு மேல் நஷ்டம். ஸ்டாப்பை நெருக்கி வைத்து அடிக்கடி அடிபடுகிற முறை வேறு நாட்டில் ஒருவேளை தாக்குப்பிடிக்கலாம், இங்கே தாங்காது. நம் ஊர்க்காரர்களுக்குப் பள்ளத்துக்குக் கீழே இடம் விட்ட ஸ்டாப்பும், குறைந்த காயினும், குறைந்த டிரேடும்தான் கட்டுப்படியாகும்.