மெஷினை விற்ற அன்று அதன் மதிப்பு என்ன?

கேள்வி: திருப்பூரில் நிட்டிங் யூனிட் வைத்திருக்கிறேன். 2021 ஏப்ரல் 1-இல் 10 லட்சம் ரூபாய்க்கு வாங்கிய மெஷினை 2024 செப்டம்பர் 30-இல் ஜி.எஸ்.டி. நீங்கலாக 7,20,000 ரூபாய்க்கு விற்றேன். தரகு 10,000 ரூபாய். 2024 மார்ச் கணக்கில் அதன் மதிப்பு 7,30,000 ரூபாய். எனக்கு 20,000 ரூபாய் நட்டம்தானே?

பதில்: இல்லை, 25,000 ரூபாய் இலாபம். மார்ச் 31-இல் இருந்த மதிப்பை எடுத்ததால்தான் நட்டம்போலத் தெரிகிறது. விற்ற நாளில் இருந்த ஏட்டு மதிப்போடுதான் ஒப்பிட வேண்டும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை அந்த மெஷின் உங்களுக்காக ஓடியிருக்கிறது. அந்த ஆறு மாதத் தேய்மானத்தை முதலில் எழுதுங்கள்.

மெஷினின் ஆயுளைப் பத்து ஆண்டு என்றும், இறுதி மதிப்பை 1 லட்சம் என்றும் வைத்து, நேர்கோட்டு முறையில் தேய்மானம் போட்டிருக்கிறீர்கள் என்று கொண்டால் உங்கள் மார்ச் மதிப்பு பொருந்துகிறது. 9 லட்சத்தைப் பத்தால் வகுத்தால் ஆண்டுக்கு 90,000. ஆறு மாதத்துக்கு 45,000. 7,30,000-இல் அதைக் கழித்தால் விற்ற நாளின் ஏட்டு மதிப்பு 6,85,000. தரகு போக உங்கள் கைக்கு வந்தது 7,10,000. வித்தியாசம் 25,000.

ஆறு மாதத் தேய்மானத்தை விட்டாலும் ஆண்டு முடிவில் நிகர இலாபம் மாறாது. 45,000 தேய்மானச் செலவும் 25,000 இலாபமும் சேர்ந்தால் அதே 20,000 குறைவுதான். ஆனால் அந்த ஆறு மாதம் பின்னிய துணியின் அடக்கவிலையில் மெஷினின் பங்கு விடுபட்டுப்போகும். கிலோவுக்குக் கூலி பேசும்போது அது உங்களைத் தவறான விலைக்குக் கொண்டுபோகும்.

பதிவு இப்படி இருக்கட்டும். தேய்மானத்தை எழுதிய பிறகு, வங்கிக் கணக்கில் 7,10,000, திரண்ட தேய்மானத்தில் 3,15,000 பற்று. மெஷின் கணக்கில் 10,00,000, சொத்து விற்பனை இலாபத்தில் 25,000 வரவு. இந்த மெஷினுக்கான அசல் விலையும் திரண்ட தேய்மானமும் பூஜ்யமாகிவிட்டால் பதிவு சரி. விற்ற தொகையைத் துணி விற்பனையோடு சேர்த்து எழுதினால் விற்றுமுதல் ஊதிப்போகும். போன மெஷினும் ஏட்டில் அப்படியே நிற்கும்.

இந்த 25,000-ஐ அப்படியே வருமான வரிக் கணக்குக்குக் கொண்டுபோகாதீர்கள். அங்கே ஒரே விகிதத்தில் தேய்மானம் பெறும் ஒரே வகைச் சொத்துகள் ஒரு தொகுதியாக நிற்கும். விற்ற தொகை அந்தத் தொகுதியின் மதிப்பிலிருந்து கழியும். அதனால் வரிக் கணக்கைத் தயாரிக்கும்போது ஏட்டு இலாபத்தை நீக்கிவிட்டு, தொகுதிக் கணக்கைத் தனியாகப் போடச் சொல்லுங்கள்.