இடைவெளியை எழுதும்போது

மறுபடி வேலைக்கு விண்ணப்பக் கடிதம் எழுதப் போகிறாய் என்று உன் அம்மா சொன்னாள். நடுவில் விட்டுப்போன வருடங்களைப் பற்றி அந்தக் கடிதத்தில் என்ன எழுதுவது என்றுதான் உனக்குத் தயக்கம் என்றும் சொன்னாள். பர்சனல் டிபார்ட்மெண்ட் என்று இருந்த காலத்தில் வேலைக்குச் சேர்ந்து, அது எச்.ஆர். ஆன பிறகு ஓய்வு பெற்றவன் நான். ஜீவனஹள்ளியிலும் காக்ஸ் டவுன் பக்கத்திலும் உன்னைப் போன்ற பிள்ளைகள் இன்னும் கடிதத்தைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வருகிறார்கள். அவர்களிடம் சொல்வதையே உனக்கும் எழுதுகிறேன், கண்ணு.

1. எழுத உட்காரும் முன் தேதிகளைப் பார். உன் பழைய கம்பெனி பி.எஃப். கட்டியிருந்தால் உனக்கு யு.ஏ.என். எண் இருக்கும். பி.எஃப். தளத்தில் `View` என்பதன் கீழ் `Service History` என்று இருக்கிறது. அதைத் திறந்தால் நீ எங்கே எந்தத் தேதியில் சேர்ந்தாய், எப்போது விலகினாய் என்று காட்டும். பெங்களூரில் ஆஃபர் கொடுத்தபின் பின்னணி சரிபார்ப்பவர்கள் பலர் இதைக் கேட்டு வாங்குகிறார்கள். விலகிய தேதி அங்கே காலியாக இருப்பது சாதாரணம். பழைய கம்பெனி பதியாமல் விட்டிருக்கும்; பார்ப்பவனுக்கு நீ இன்னும் அங்கேயே வேலை செய்வதுபோல் தெரியும். 2020 முதல் அந்தத் தேதியை நாமே பதியலாம்: `Manage` என்பதில் `Mark Exit`. கடைசியாகப் பணம் கட்டிய மாதத்திலிருந்து இரண்டு மாதம் கழிந்திருக்க வேண்டும், ஆதாரோடு இணைத்த போனுக்கு ஓ.டி.பி. வரும். ஒருமுறை பதிந்துவிட்டால் மாற்றுவது எளிதல்ல. அதனால் ரிலீவிங் கடிதத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய். அதே தேதியைத்தான் ரெஸ்யூமிலும் நௌக்ரி பக்கத்திலும் லிங்க்ட்இன்னிலும் எழுத வேண்டும். இடைவெளி இருந்ததற்காக வேலை போனதை நான் அதிகம் கண்டதில்லை. நான்கு இடத்தில் நான்கு தேதி இருந்து வேலை போனதைக் கண்டிருக்கிறேன்.

2. வருடத்தை மட்டும் எழுதி மாதத்தை விழுங்கும் வழக்கம் ஒன்று உண்டு. 2019 ஜனவரியில் விலகி 2021 டிசம்பரில் சேர்ந்தவர், முன்னதற்கு 2019 வரை என்றும் அடுத்ததற்கு 2021 முதல் என்றும் எழுதிவிட்டு, போனால் ஒரு வருடம்தானே என்று இருப்பார். ரெஸ்யூம் படிப்பதையே தொழிலாகக் கொண்டவரின் கண் முதலில் போய் நிற்பது மாதம் இல்லாத தேதியில்தான். மாதத்தோடு எழுது. ஆனால் இல்லாத இடைவெளியைத் தேடிப்பிடித்து எழுதாதே. பிரசவ விடுப்பு இடைவெளி ஆகாது. சட்டப்படி முதல் இரண்டு பிரசவத்துக்குக் கிடைக்கும் 26 வாரமும் நீ அந்தக் கம்பெனியின் ஊழியர்தான். விடுப்பு முடிந்து வேலையை விட்டாயானால், விட்ட நாளிலிருந்துதான் கணக்கு.

3. இனி கடிதம். நம் தெருவுக்குப் பின்தெருவில் ஒரு பெண், ஐந்து வருடம் சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில் இருந்தவள். 2021 மே மாதம் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வேலையை விட்டாள். மூன்று வருடம் கழித்து எழுதிய முதல் கடிதத்தைக் கொண்டுவந்து காட்டினாள். பாதிக்கு மேல் ஆஸ்பத்திரி. எந்த வார்டு, எத்தனை நாள் பிசியோதெரபி, யார் உதவவில்லை என்பது வரைக்கும் இருந்தது. முடிவில், சம்பளம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் பரவாயில்லை என்று ஒரு வரி. படித்தால் மனது இளகும்; ஆனால் இவளுக்கு டெஸ்டிங் தெரியுமா என்பது கடைசிவரை தெரியாது.

அவளை உட்காரவைத்து மூன்று கேள்வி கேட்டேன். எப்போதிலிருந்து? எதற்காக? அந்தக் காரணம் இப்போது தீர்ந்ததா? மூன்றாவதுதான் முக்கியம். ஆள் எடுப்பவர் மனதில் ஓடுவது போன மூன்று வருடம் அல்ல, வரப்போகும் மூன்று மாதம். சேர்ந்தபின் மறுபடி விட்டுப் போய்விடுவாளோ என்கிற பயம். பாதிக் கடிதம் ஆஸ்பத்திரியைச் சொல்லியும் அந்தக் கேள்விக்கு அதில் பதில் இல்லை. அண்ணன் குடும்பம் அப்பாவைத் தங்களோடு வைத்துக்கொண்டுவிட்டது என்பதை அவள் எழுதவே மறந்திருந்தாள்.

திரும்ப எழுதியது இப்படி வந்தது. அவள் ஆங்கிலத்தில் அனுப்பினாள், நான் தமிழில் தருகிறேன்:

“ஐந்து ஆண்டுகள் சாஃப்ட்வேர் டெஸ்டிங் செய்திருக்கிறேன், கடைசியாக ஒரு வங்கிச் செயலிக்கு ரெக்ரஷன் சோதனைகளைச் செலினியத்தில் எழுதி நடத்தினேன். பக்கவாதம் வந்த என் தந்தையைக் கவனிப்பதற்காக மே 2021-இல் வேலையிலிருந்து விலகினேன். இந்த மார்ச் முதல் அவர் என் அண்ணன் குடும்பத்துடன் இருப்பதால் நான் முழுநேர வேலைக்கு வரலாம். அதன்பின் பிளேரைட் கற்று, பொதுவில் உள்ள ஒரு பயிற்சித் தளத்துக்குச் சோதனைகள் எழுதி கிட்ஹப்பில் வைத்திருக்கிறேன்; உங்கள் விளம்பரம் கேட்பதும் பிளேரைட்தான். எனக்கு நோட்டீஸ் பீரியட் இல்லை, திங்கட்கிழமையே சேர முடியும்.”

ஐந்தே வாக்கியம். இடைவெளிக்கு இரண்டு, நடுவில். முதல் வாக்கியம் வேலையைச் சொல்கிறது, ஏனென்றால் போனில் மெயிலைத் திறக்காமலே கண்ணில் படுவது அதுதான். முதல் வரியிலேயே இடைவெளியைச் சொன்னால் மன்னிப்புக் கேட்பதுபோல் ஆகிவிடும். கடைசியில் சொன்னால் அதுதான் மனதில் தங்கும். வருத்தம் தெரிவிக்கும் சொல் ஒன்றுகூட இல்லை பார்: “துரதிர்ஷ்டவசமாக” இல்லை, “மன்னிக்கவும்” இல்லை. அப்பாவைப் பார்த்துக்கொண்டதற்கு எதற்கு மன்னிப்பு?

4. கற்றதைச் சொல்லும்போது சான்றிதழ் பெயர்களை அடுக்காதே. வீடியோ பார்த்து வாங்கிய சான்றிதழ் பத்தைவிட, திறந்து பார்க்கக்கூடிய ஒரு வேலை மேல். அந்தப் பெண் பழைய கம்பெனியில் எழுதிய சோதனைகளையே எடுத்து வெளியே வைக்கலாமா என்று கேட்டாள். கூடாது, அது கம்பெனியின் சொத்து, அதை வெளியே வைப்பவளை அடுத்த கம்பெனியும் நம்பாது. அதனால்தான் பயிற்சித் தளம். எதுவுமே கற்கவில்லை என்றால் கற்றதாக எழுதாதே. “இந்த மாதம் தொடங்கியிருக்கிறேன்” என்று எழுதினால் அதற்கும் மதிப்பு உண்டு. பொய்யாக எழுதினால் நேர்காணலில் இரண்டாவது கேள்வியிலேயே சாயம் வெளுத்துவிடும், அதை நினைவில் வை.

5. பொய் சொல்லாமல் இருப்பது வேறு, எல்லாவற்றையும் கொட்டுவது வேறு. உடம்பு சரியில்லாமல் இருந்தாய் என்றால் “உடல்நலக் காரணம், இப்போது முழுமையாகக் குணமாகிவிட்டது” போதும். நோயின் பெயர் அவர்களுக்கு வேண்டாம். வீட்டுச் சண்டை, விவாகரத்து என்றால் “குடும்பப் பொறுப்பு” என்று எழுது, அது பொய் அல்ல. தேர்வுக்குப் படித்தாய் என்றால், எந்தத் தேர்வு என்று சொல்லி, அந்த முயற்சி முடிந்தது என்பதையும் சொல்; சொல்லாவிட்டால் அடுத்த அறிவிப்பு வந்ததும் ஓடிவிடுவாய் என்று நினைப்பார்கள். ஆட்குறைப்பில் போன வேலைக்கு மட்டும் “சொந்தக் காரணம்” என்று எழுதாதே. 2022, 2023-இல் பெங்களூரில் எத்தனை பேருக்குப் போனது என்று எல்லாருக்கும் தெரியும். “எங்கள் குழு முழுதும் கலைக்கப்பட்டது” என்று எழுதினால் தலையாட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போவார்கள். மறைத்தால்தான் தோண்டுவார்கள்.

6. இடைவெளியை நிரப்பித் தருகிறோம் என்று ஒரு கூட்டம் இந்த ஊரில் உண்டு. பணம் கொடுத்தால் பெயர் தெரியாத கம்பெனி ஒன்றின் எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர், சம்பளச் சீட்டு, போன் செய்தால் “ஆமாம், இங்கேதான் இருந்தாள்” என்று சொல்ல ஓர் ஆள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. 2022 நவம்பரில் ஆக்சென்ச்சர் இந்தியா, இப்படிப்பட்ட கடிதங்களைக் கொண்டு சேர்ந்தவர்களை வெளியேற்றிவிட்டதாக வெளிப்படையாகவே அறிவித்தது. அவர்கள் வேலையில் சேர்ந்தபின் அகப்பட்டவர்கள். மூன்று வருட இடைவெளியை விளக்கலாம். அப்படிப் போன வேலையை விளக்க வழியே கிடையாது.

7. “குறைந்த சம்பளத்துக்கும் வருவேன்” என்று கடிதத்தில் எழுதாதே. கேட்கும்போது பேசு. உன் கையில் இருக்கும் சரக்கு வேறு: இங்கே பலருக்கு நோட்டீஸ் பீரியட் 60 நாள், 90 நாள். ஆஃபரை வாங்கிக்கொண்டு அந்த மூன்று மாதத்தில் வேறு இடம் தேடிப் போய்விடுபவர்களும் உண்டு. அதில் நொந்துபோன மேனேஜருக்குத் திங்கட்கிழமையே வருகிறேன் என்பவள் பெரிய விஷயம்.

8. எல்லாக் கதவும் கடிதத்தால் திறக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சில விளம்பரங்களில் இவ்வளவுக்கு மேல் இடைவெளி இருக்கக்கூடாது என்றே போட்டிருப்பார்கள். கல்லூரி முடித்துப் புதிதாக வருபவர்களுக்கு இது அதிகம். அங்கே சாமர்த்தியமாக எழுதி உள்ளே நுழையப் பார்க்காதே. அந்தக் கம்பெனியில் வேலை செய்யும் தெரிந்தவர் மூலம் ரெஃபரல் கேள், அவருக்கும் அதே ஐந்து வாக்கியத்தை அனுப்பு. இடைவெளிக்குப் பின் திரும்பும் பெண்களுக்கென்றே தனித் திட்டம் வைத்திருக்கும் கம்பெனிகளும் இருக்கின்றன. டாடா குழுமம் 2008-லேயே தொடங்கியது. அங்கே இடைவெளிதான் தகுதி. தேடிப்பார்.

9. கன்சல்டன்சியிலிருந்து போன் வரும்போது நீ சமையலறையில் நிற்பாய், அல்லது காக்ஸ் டவுன் மார்க்கெட்டில் காய் பொறுக்கிக்கொண்டிருப்பாய். “கேப் இருக்கா?” என்பது அவர்களின் முதல் இரண்டு மூன்று கேள்விக்குள் வந்துவிடும். கடிதத்தில் எழுதிய அந்த இரண்டு வாக்கியத்தையே சொல்லி நிறுத்து. சொன்னபின் மௌனம் வந்தால் அதை நிரப்பப் போகாதே. அங்கேதான் ஆஸ்பத்திரிக் கதை முழுவதும் வெளியே வரும். இன்னொரு குழந்தை எப்போது என்கிற மாதிரி கேட்டால், “வேலைக்கு முழுநேரமும் வர முடியும்” என்பதோடு விட்டுவிடு.

எழுதி முடித்ததும் அனுப்புவதற்கு முன் எனக்கு ஒன்று வாட்ஸ்அப்பில் போடு, கூடவே `Service History` பக்கத்தின் ஸ்க்ரீன்ஷாட்டும். உன் ஆங்கிலத்தில் நான் கை வைக்க மாட்டேன். தேதிகளை மட்டும் பார்த்துத் தருகிறேன்.