பிள்ளையின் இரவு இருமலும் கோடீன் கலந்த பாணி மருந்தும்

இரவில் இருமும் பிள்ளைக்கு வீட்டிலுள்ள பாணி மருந்தைக் கொடுக்க நினைப்பவர்கள், போத்தலின் முன்புறத்தில் பெரிதாக உள்ள வணிகப் பெயரை நம்பாமல், பின்புறத்தில் சிறிய எழுத்தில் அச்சிடப்பட்டுள்ள சேர்மானங்களை முதலில் படித்தல் வேண்டும். அவற்றுள் கோடீன் பொஸ்பேற்று இருந்தால், அது பெரியவர் ஒருவருக்கு எழுதிக் கொடுக்கப்பட்டு மிஞ்சிய மருந்தாயினும், பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு ஒரு துளியும் கொடுக்கலாகாது. ஐரோப்பிய மருந்துகள் முகமையகம் 2015இல் இவ்வயதினரின் இருமலுக்கும் தடிமனுக்கும் கோடீனைத் தவிர்க்கச் சொன்னது. அமெரிக்காவில் 2018 முதல் கோடீன் கலந்த இருமல் மருந்துகள் பதினெட்டு வயது நிறைந்தவர்களுக்கு மட்டுமே உரியவை.

பெரும்பாலோர் தடுமாறுவது அளவைப் பற்றிய எண்ணத்தில்தான். பெரியவருக்கு இரண்டு தேக்கரண்டி என்றால் சிறுவனுக்கு அரைத் தேக்கரண்டி போதும், குறைத்துக் கொடுத்தால் தீங்கில்லை என்று கணக்கிடுகின்றனர். இக்கணக்கு கோடீனுக்குப் பொருந்தாது. அபின் வகையைச் சேர்ந்த இம்மருந்து, ஈரலில் உள்ள ஒரு நொதியத்தால், அதாவது உடலின் வேதிமாற்றங்களை விரைவுபடுத்தும் புரதத்தால், மோர்பினாக மாற்றப்பட்ட பின்னரே பெருமளவில் வேலை செய்கிறது. அந்நொதியத்தின் வேகம் பரம்பரையாக ஆளுக்கு ஆள் வேறுபடுவதால், சிலரது உடலில் மோர்பின் சிறிதளவே உண்டாக, வேறு சிலரது உடலில் குறுகிய நேரத்திலேயே மிகுதியாகச் சேர்ந்து, மூச்சை இயக்கும் மூளைப் பகுதியை அடக்கிவிடுகிறது. எந்தப் பிள்ளை எவ்வகையினது என்பதை முகத்தைப் பார்த்தோ நிறையை அளந்தோ அறிய முடியாது.

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் நிகழ்ந்து 2009இல் மருத்துவ இதழொன்றில் வெளியான ஒரு மரணம் இதைத் தெளிவாக்குகிறது. தொண்டைச் சதை அகற்றப்பட்ட, ஏறத்தாழ 13 கிலோ நிறையுள்ள இரண்டு வயது ஆண் பிள்ளைக்கு, இருமலுக்கன்றி வலிக்காகவே கோடீன் கொடுக்கப்பட்டது. அளவு மருத்துவர் குறித்தபடியே இருந்தும், பிள்ளை காலையில் இறந்து கிடந்தது. பரிசோதனையில் இரத்தத்தில் மோர்பின் மிகுந்திருந்ததும், அப்பிள்ளை கோடீனை மிக விரைவாக மாற்றும் பிறவியமைப்பு உடையது என்பதும் தெரியவந்தன. பாலூட்டும் தாய் கோடீன் உட்கொண்டால் தாய்ப்பால் வழியாகவும் இதே ஆபத்து நேரலாம்.

இத்தனை ஆபத்துக்கு ஈடான பயனும் இல்லை. பிள்ளைகளின் இரவு இருமலில் கோடீனை மருந்தற்ற வெறும் பாகுடன் ஒப்பிட்ட 1993ஆம் ஆண்டின் அமெரிக்க ஆய்வில், கோடீன் மேலானதாகத் தென்படவில்லை. மருந்து குடித்த பிள்ளை அயர்ந்து உறங்குவதைக் கண்டு இருமல் தணிந்தது என்று மகிழ்வதுதான் மிக ஆபத்தான பிழை. ஏனெனில் மோர்பின் மிகுதியின் முதல் அடையாளமும் அதே அயர்வுதான். உறக்கம் வரட்டும் என்று குளோர்பெனிரமின் போன்ற ஒவ்வாமை மருந்தையும் சேர்த்துக் கொடுக்கும் குறுக்குவழியை அறவே கைவிட வேண்டும். அது அந்த அயர்வை மேலும் ஆழமாக்கும்.

ஒரு வயது நிறைந்த பிள்ளைக்குத் தேனே முதல் மருந்து. படுக்கைக்கு அரைமணி நேரம் முன்னர், ஐந்து வயது வரை அரைத் தேக்கரண்டியும், ஆறு முதல் பதினொரு வயது வரை ஒரு தேக்கரண்டியும், மருந்து அளக்கும் கரண்டியால் அளந்து கொடுக்க வேண்டும். சபரகமுவவில் எளிதில் கிடைக்கும் கித்துள் பாணி இதற்கு ஈடாகாது. ஆய்வுகளில் பயன் காட்டியது தேனீயின் தேன். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கோ தேனை நாவில் தொட்டு வைப்பதும் கூடாது. அதிலிருக்கக்கூடிய ஒருவகைக் கிருமியின் வித்துகள் குழந்தையின் குடலில் வளர்ந்து, தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நஞ்சை உண்டாக்கலாம்.

சளி தொண்டைக்குள் வடிவதே படுத்ததும் இருமல் கூடுவதற்கு அடிக்கடி காரணமாவதால், மருந்தகத்தில் கிடைக்கும் உப்புநீர்த் துளிகளை மூக்கில் இட்டுத் துடைத்துவிட வேண்டும். இளஞ்சூடான கொத்தமல்லி நீர் ஒரு வயது தாண்டிய பிள்ளையின் தொண்டைக்கு இதமளிக்கும். தோட்டத்து லயன் அறைகளில் விறகடுப்பின் புகையும் நுளம்புச்சுருளின் புகையும் போகுமிடமின்றித் தேங்குவதால், பிள்ளை உறங்கும் இடத்தைப் புகையிலிருந்து விலக்குவது எந்தப் பாணி மருந்தைக் காட்டிலும் பயன் தரும். கொதிநீர்ப் பாத்திரத்தின்மேல் பிள்ளையைக் குனிய வைத்து ஆவி பிடித்தல் வேண்டாம். அதனால் வெந்த காயங்களே நேர்கின்றன.

பிள்ளை அமைதியாக இருக்கும்போது மூச்சை முழுமையாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும். இரண்டு மாதம் முதல் ஒரு வயதுக்குள் 50, ஒன்று முதல் ஐந்து வயதுக்குள் 40 என்ற எண்ணிக்கையை எட்டினாலோ, மூச்சிழுக்கையில் விலாவின் கீழ்ப்பகுதி உள்வாங்கினாலோ, விடியும்வரை காத்திராமல் வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். தெரியாமல் கோடீன் கொடுக்கப்பட்டிருந்தால் கவனிக்க வேண்டியது இதற்கு நேர்மாறானது: மூச்சு மெதுவாகி, கண்மணி ஊசிமுனையளவு சுருங்கி, உலுக்கி அழைத்தாலும் பிள்ளை விழிக்காமல் இருக்கும். அப்போது 1990க்கு அழைத்து, எம்பிலிப்பிட்டிய மாவட்டப் பொது வைத்தியசாலை போன்ற அருகிலுள்ள வைத்தியசாலையின் அவசரப் பிரிவுக்குப் பிள்ளையுடன் மருந்துப் போத்தலையும் எடுத்துச் சென்று, எத்தனை மணிக்கு எவ்வளவு கொடுக்கப்பட்டது என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். மோர்பினின் வேலையை முறிக்கும் நலோக்சோன் என்ற ஊசியை ஏற்றுவதா என்பதை வைத்தியர் விரைந்து தீர்மானிக்க அத்தகவல் தேவை.