போட்டோவில் வந்த கணக்கு: அட்டவணையும் வரைபடமும் தப்பாமல் போட அக்காவின் டிப்ஸ்

தங்கச்சி, நீ லீவு போட்ட அன்று வகுப்பில் கொடுத்த ஒர்க்‌ஷீட்டைத் தோழி போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருப்பாள். மேலே ஒரு விதி, அதன் கீழே x, y என்று ஒரு அட்டவணை, பக்கத்தில் கட்டம் போட்ட இடம். அட்டவணையை நிரப்பிப் புள்ளிகளைக் குறிக்க வேண்டும். கூட்டல் கழித்தலெல்லாம் சரியாகப் போட்டும் வளைவரை கோணலாக வருகிறதென்றால், முதலில் அந்த விதியைச் சரியாகப் படித்தாயா என்று பார். ஒரே ஒரு கணக்கை எடுத்துக்கொண்டு கடைசி வரை போய்ப் பார்ப்போம்.

விதி: y = x² − 2x − 3. x-இன் மதிப்பு −2 முதல் 4 வரை. முதல் கட்டத்தில் மட்டும், x = −2 என்பதற்குக் கீழே 5 என்று அச்சடித்தே கொடுத்திருக்கிறார்கள்.

1. விதியை முதலில் நோட்டில் எழுது

போட்டோவைப் பார்த்துப் பார்த்தே அட்டவணையை நிரப்பாதே. படத்தைப் பெரிதாக்கி, விதியை ஒவ்வொரு குறியாகப் பார்த்து நோட்டில் எழுதிக்கொள். போட்டோவில் வழக்கமாகக் காணாமல் போவது இரண்டு. ஒன்று, தலைக்கு மேல் இருக்கும் சின்ன 2. அது மங்கினால் x² என்பது வெறும் x ஆகிவிடும். கீழே இறங்கித் தெரிந்தால் x2 என்று படித்து இரண்டால் பெருக்கிவிடுவாய். இன்னொன்று கழித்தல் குறி. தாளின் மடிப்பும் நிழலும் அதன் மேல் விழுந்தால், அது இருக்கிறதா இல்லையா, கூட்டல் குறியா என்றே தெரியாது.

தெளிவாக இல்லையென்றால் ஊகிக்காமல் தோழியிடம் மறுபடி கேள். தாளை மேசையில் விரித்து, போனை நேர் மேலே பிடித்து எடுக்கச் சொல். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பாமல் டாக்குமென்ட்டாக அனுப்பினால், படம் சுருங்காமல் எடுத்தபடியே வரும்.

2. நிரப்பிக் கொடுத்த கட்டத்தை வைத்து விதியைச் சோதி

அச்சில் இருக்கும் அந்த 5, நீ விதியைச் சரியாகப் படித்தாயா என்று காட்டிக்கொடுக்கும். x = −2 என்று போடு: (−2)² = 4. −2 × (−2) = +4. 4 + 4 − 3 = 5. சரியாக வந்துவிட்டது. நடுவில் இருக்கும் குறியைக் கூட்டல் என்று படித்திருந்தால் 4 − 4 − 3 = −3 வந்திருக்கும். 5 வராததால், விதியில்தான் பிழை என்று அப்போதே தெரிந்துவிடும்.

ஆனால் எந்தக் கட்டம் நிரப்பியிருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் இந்தச் சோதனைக்கு வலு. x = 0 என்ற கட்டத்தில் −3 என்று கொடுத்திருந்தால், அது கடைசியில் இருக்கும் எண்ணை மட்டும்தான் உறுதிசெய்யும். x வரும் இடமெல்லாம் பூஜ்ஜியம் ஆகிவிடுவதால், நடுவில் கூட்டலா கழித்தலா என்று அது சொல்லாது. x = 1 கட்டமும் ஒன்றை மறைத்துவிடும்: 1-இன் வர்க்கமும் 1 என்பதால், x²-ஐ நீ x என்று படித்திருந்தாலும் அதே விடைதான் வரும்.

3. அட்டவணையை வரிசை வரிசையாக நிரப்பு

ஒவ்வொரு x-க்கும் முழு விதியையும் மனதிலேயே போடாதே. விதியின் ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரு வரிசை ஒதுக்கு.

| x | −2 | −1 | 0 | 1 | 2 | 3 | 4 |
|---|---|---|---|---|---|---|---|
| x² | 4 | 1 | 0 | 1 | 4 | 9 | 16 |
| −2x | 4 | 2 | 0 | −2 | −4 | −6 | −8 |
| −3 | −3 | −3 | −3 | −3 | −3 | −3 | −3 |
| y | 5 | 0 | −3 | −4 | −3 | 0 | 5 |

x² வரிசையில் கழித்தல் எண்ணே வரக்கூடாது. கால்குலேட்டரில் அடைப்புக்குறி இல்லாமல் −2² என்று அடித்தால், பல கால்குலேட்டர்கள் 2-ஐ மட்டும் வர்க்கமாக்கி −4 காட்டும். (−2)² என்று அடைப்புக்குறி போட்டு அடி.

4. வித்தியாசம் எடுத்துப் பார்

நிரப்பி முடித்ததும், பக்கத்துப் பக்கத்து y மதிப்புகளின் வித்தியாசத்தை எழுது: −5, −3, −1, 1, 3, 5. அந்த வித்தியாசங்களுக்குள் மறுபடி வித்தியாசம் எடுத்தால் எல்லா இடத்திலும் 2. x² இருக்கும் இருபடி விதியில் இந்த இரண்டாம் வித்தியாசம் மாறவே மாறாது. y = 2x + 1 போன்ற நேர்கோட்டு விதியானால் முதல் வித்தியாசமே மாறாமல் இருக்கும்.

கால்குலேட்டர் பிழையோடு போட்டிருந்தால் y வரிசை −3, −2, −3, −4, −3, 0, 5 என்று வந்திருக்கும். அதன் இரண்டாம் வித்தியாசங்கள் −2, 0, 2, 2, 2. இடது பக்கம் ஒத்துப்போகவில்லை. அதனால் கழித்தல் எண்கள் இருக்கும் பக்கத்தை மட்டும் மறுபடி போட்டால் போதும்.

இரண்டு எச்சரிக்கை. x மதிப்புகள் சம இடைவெளியில் போனால்தான் இந்தச் சோதனை செல்லும். −2, 0, 1, 4 என்று தாவிப் போகும் அட்டவணைக்கு இது உதவாது. விதியையே தவறாகப் படித்திருந்தாலும் இது கண்டுபிடிக்காது, ஏனென்றால் தவறான இருபடி விதிக்கும் இரண்டாம் வித்தியாசம் மாறாமல்தான் வரும். அதனால்தான் இரண்டாவது டிப்ஸை முதலில் முடிக்கச் சொன்னேன்.

5. புள்ளிகளை உன் வரைபடத்தாளில் குறி

போட்டோவில் தெரியும் கட்டத்தைப் பிரின்ட் எடுத்து அதன் மேல் வரையாதே. சாய்வாக எடுத்த படத்தில் ஒரு பக்கக் கட்டங்கள் பெரிதாகவும் மறுபக்கம் சின்னதாகவும் இருக்கும். அச்சுகளில் என்ன எண்கள் போட்டிருக்கிறார்கள் என்பதை மட்டும் அதிலிருந்து எடுத்துக்கொள். ஒரு கட்டம் 1 அலகா 2 அலகா என்று அந்த எண்கள்தான் சொல்லும். நம் கணக்கில் X அச்சுக்கு −2 முதல் 4, Y அச்சுக்கு −4 முதல் 5 வேண்டும். இரண்டுக்கும் 1 செ.மீ = 1 அலகு வைத்தால் தாளில் தாராளமாக அடங்கும். அளவுத்திட்டத்தை வலது மேல் மூலையில் எழுதிவிடு.

குறிக்கும்போது முதலில் இடம் வலம், பிறகுதான் மேல் கீழ். பூஜ்ஜியம் வரும் புள்ளிகளில்தான் இது தடுமாறும். (−1, 0) என்பது X அச்சின் மேல், ஆதிப்புள்ளிக்கு இடப்பக்கம் இருக்கிறது. (0, −3) Y அச்சின் மேல், ஆதிப்புள்ளிக்குக் கீழே இருக்கிறது.

6. ஸ்கேலை ஓரமாக வை

இது பரவளையம்; புள்ளிக்குப் புள்ளி நேர்கோடு போட்டு இணைக்கக்கூடாது. பென்சிலை எடுக்காமல் கையாலேயே வளைத்து வரை. அடியில் (1, −4) கூர்மையாக V மாதிரி வராமல் உருண்டையாகத் திரும்ப வேண்டும்.

அது சரியாகத் திரும்பியிருக்கிறதா என்று பார்க்க, அட்டவணையில் இல்லாத ஒரு மதிப்பைப் போடு. x = 0.5 என்றால் y = 0.25 − 1 − 3 = −3.75. x = 1.5 என்றாலும் அதே −3.75. உன் வளைவரை அந்த இரண்டு இடத்திலும் −4-க்கு இரண்டரை மில்லிமீட்டர் மேலே போக வேண்டும். ஸ்கேல் வைத்து இணைத்திருந்தால் கோடு −3.5-இல் போகும், அதாவது −4-க்கு ஐந்து மில்லிமீட்டர் மேலே. அப்படித் தெரிந்தால் அந்த அடிப்பகுதியை மட்டும் அழித்து மறுபடி வளைத்து வரைந்துவிட்டு ஒர்க்‌ஷீட்டைக் கொடு.