48 மெகாபிக்சலில் எதை எண்ணுகிறார்கள்?

கல்யாண ஆல்பம் அச்சிடும் லேபில் வேலை பார்க்கிறேன். "48 மெகாபிக்சல் போன்ல எடுத்ததுங்க, எவ்வளவு பெருசா வேணாலும் போடலாம்ல?" என்று கேட்டு வருகிறவர்கள் நிறைய. நான் போனைப் பார்ப்பதில்லை, படத்தின் விவரத்தைத் திறந்து அளவைப் பார்க்கிறேன். பெரும்பாலும் 4000 × 3000 என்றுதான் இருக்கும். பெருக்கினால் 1 கோடியே 20 லட்சம் பிக்சல், அதாவது 12 மெகாபிக்சல்.

கேமராவில் எழுதியிருக்கும் எண், சென்சாரில் ஒளியை வாங்கும் நுண்புள்ளிகளின் எண்ணிக்கை. அந்தப் புள்ளிக்கு நிறம் தெரியாது. எவ்வளவு ஒளி விழுந்தது என்பதை மட்டுமே அது அளக்கும். அதனால் ஒவ்வொரு புள்ளியின் மேலும் சிவப்பு, பச்சை, நீலம் இவற்றில் ஏதோ ஒரு நிற வடிகட்டி இருக்கும். பாதி பச்சை, கால் சிவப்பு, கால் நீலம். கோடக் நிறுவனத்தில் பணியாற்றிய பிரைஸ் பேயர் வகுத்த அமைப்பு இது. 1976இல் காப்புரிமை பெற்றது. படத்தின் ஒவ்வொரு பிக்சலிலும் மூன்று நிற அளவுகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றுதான் அங்கேயே அளந்தது. மற்ற இரண்டும் பக்கத்துப் புள்ளிகளை வைத்துக் கணக்கிட்டவை.

48 மெகாபிக்சல் போன்களில் பொதுவாக, பக்கத்துப் பக்கத்தில் உள்ள நான்கு புள்ளிகளுக்கு ஒரே நிற வடிகட்டி. சாதாரணமாக எடுக்கும்போது அந்த நான்கையும் சேர்த்து ஒரு பிக்சல் ஆக்கிவிடுகிறார்கள். 48 கால் பங்காகி 12 ஆவது இப்படித்தான். முழு 48இல் எடுக்கும் வசதியும் பல போன்களில் உண்டு. நல்ல வெயிலில் அதில் கொஞ்சம் கூடுதல் நுணுக்கம் கிடைக்கும். மண்டப வெளிச்சத்தில் ஒவ்வொரு குட்டிப் புள்ளிக்கும் கிடைக்கும் ஒளி போதாமல் படம் பொரிபொரியாகிவிடும். சோதிப்பது சுலபம். ஒரே பட்டுப்புடவைக் கரையை இரண்டு முறையிலும் எடுத்து, பெரிதாக்கிப் பாருங்கள். ஜரிகை இழைகள் எதில் தனித்தனியாகப் பிரிந்து தெரிகின்றனவோ, அந்த வெளிச்சத்துக்கு அதுவே சரி.

இப்போது ஆல்பத்துக்கு வருவோம். 18 × 12 அங்குலத்துக்கு, அங்குலத்துக்கு 300 பிக்சல் வீதம் வைத்தால் 5400 × 3600 வேண்டும். அந்த 12 மெகாபிக்சல் படத்தின் நீளம் 4000 என்பதால் அங்குலத்துக்கு 222 பிக்சல்தான் கிடைக்கும். கையில் பிடித்துப் பார்க்கும் ஆல்பத்துக்கு அது போதும் என்பது என் அனுபவம். அதை நம்பிக்கையோடு அச்சுக்கு அனுப்புகிறேன். ஆனால் அதே படம் வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பப்பட்டு, 1600 × 1200ஆகச் சுருங்கி என் கைக்கு வந்தால் அங்குலத்துக்கு 89 பிக்சல் மட்டுமே. மணப்பெண்ணின் இமைமுடி ஒரு கறுப்புக் கோடாகிவிடும், ஜரிகை மஞ்சள் தீற்றலாகிவிடும். என்ன மென்பொருளில் பெரிதாக்கினாலும் இழந்த இழைகள் அப்படியே திரும்பாது.

அச்சுக்குக் கொடுக்கும் படத்தைத் தயவுசெய்து வாட்ஸ்அப்பில் 'டாக்குமென்ட்' ஆக அனுப்புங்கள், இல்லையென்றால் பென் டிரைவில் அசல் ஃபைலைக் கொண்டுவாருங்கள்.